வைவா கேள்வி–பதில்: பாலாற்றுப் படுகைக் கிணறுகளில் குரோமியம்

தம்பி, நீ அனுப்பிய 18 ஸ்லைடையும் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். வெளித்தேர்வாளர் எங்கே கை வைப்பார் என்று தோன்றியதோ அதை மட்டும் எழுதியிருக்கிறேன். பதில்களை மனப்பாடம் செய்யாதே, உன் வாய்க்கு வருகிற மாதிரி மாற்றிக்கொள்.

ஸ்லைடு 3. டேனரியில் குரோமியம் எதற்கு?
பச்சைத்தோல் அழுகக்கூடியது. பேசிக் குரோமியம் சல்ஃபேட்டில் உள்ள குரோமியம், தோலின் கொலாஜன் புரதத்தில் இருக்கும் கார்பாக்சில் தொகுதிகளோடு பிணைந்து இழைகளை ஒன்றோடொன்று கட்டுகிறது. அதனால் தோல் அழுகுவதில்லை, சூட்டையும் தாங்கும். போட்ட குரோமியம் முழுவதையும் தோல் ஏற்காது. மீதி கழிவுநீரில் போகிறது.

("ஆம்பூர் பக்கம்தானே உங்க ஊர், வெட் ப்ளூ பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாலும் கேட்பார். தோலுக்கு அந்த நீல நிறம் குரோமியத்தால்தான் என்று சொல். பேச்சு இயல்பாகிவிடும்.)

ஸ்லைடு 5. தோல் பதனிடுவது டிரைவேலண்ட் குரோமியத்தால். நீங்கள் சொல்லும் புற்றுநோய் ஆபத்தோ ஹெக்சாவேலண்ட்டுக்கு. நீங்கள் அளந்தது எதை?
இதுதான் உன் வைவாவின் மையம். இங்கே தடுமாறினால் மீதிக் கேள்விகள் எல்லாம் இதைச் சுற்றியே வரும். நேராகச் சொல்:

"சார், ஏ.ஏ.எஸ். இரண்டையும் பிரித்துக் காட்டாது, நான் அளந்தது மொத்தக் குரோமியம். குடிநீருக்கான IS 10500 தரமும் மொத்தக் குரோமியத்துக்குத்தான் லிட்டருக்கு 0.05 மி.கி. என்று வரம்பு வைக்கிறது, அதனால் அதோடு ஒப்பிட்டேன். எந்த வடிவம் எவ்வளவு என்று என் தரவை வைத்துச் சொல்ல முடியாது."

ஸ்லைடு 5-இல் 'ஆபத்தான குரோமியம் கண்டறியப்பட்டது' என்று போட்டிருக்கிறாயே, அந்த 'ஆபத்தான' என்பதை எடுத்துவிடு.

அப்படியானால் அதே பாட்டில்களில் டைஃபினைல்கார்பசைடு முறையைச் செய்திருக்கலாமே?
இதை விடமாட்டார்கள். பதில்: "அந்த முறையில் ஹெக்சாவேலண்ட் குரோமியம் அமில ஊடகத்தில் ஊதா நிறம் தரும், 540 நானோமீட்டரில் அளக்கலாம். ஆனால் என் மாதிரிகளில் கிணற்றடியிலேயே நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.ஹெச். 2-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டேன். நீரில் கரிமப் பொருள் இருந்தால் அமிலத்தில் ஹெக்சாவேலண்ட் டிரைவேலண்ட்டாக மாறிவிடும். அளவு குறைவாகக் காட்டும். அதற்கு அமிலம் சேர்க்காத தனி பாட்டில் எடுத்திருக்க வேண்டும்." கடைசி வாக்கியத்தைத் தயங்காமல் சொல். தப்பை நீயே சொல்லிவிட்டால் அவர் துருவ மாட்டார்.

ஸ்லைடு 9. உங்கள் குறைந்த ஸ்டாண்டர்டு 0.5. கிணறு 4-இன் அளவு 0.08. வளைவுக்கு வெளியே இருக்கிறதே?
எனக்கே முதலில் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் உன் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தேன், 500 மி.லி. நீரை அமிலத்தோடு காய்ச்சி 50 மி.லி. ஆக்கியிருக்கிறாய். கருவி காட்டியது 0.8, பத்தால் வகுத்தால் 0.08. இதை ஸ்லைடில் போட மறந்துவிட்டாய், இன்றே சேர். கூடவே பிளாங்கையும் இதே மாதிரி காய்ச்சினாயா என்று கேட்பார். காய்ச்சினாய், நோட்டில் இருக்கிறது, பக்கத்தை மடித்து வைத்துக்கொள்.

ஸ்லைடு 12. ஆறு கிணறுகளை வைத்து 'டேனரிதான் காரணம்' என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
சொல்ல முடியாது. "ஒத்துப்போகிறது, நிரூபிக்கவில்லை" என்று சொல். ஒரே பருவத்தில் எடுத்த மாதிரிகள், நிலத்தடி நீர் ஓடும் திசையும் பார்க்கவில்லை. குரோமியம் பாறையிலிருந்தும் வரலாம்.

டிரைவேலண்ட் மண்ணிலேயே தங்கிவிடுமே, கிணறுவரை எப்படி வரும்?
நடுநிலை பி.ஹெச்.-இல் அது ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும் என்பது சரி. ஆனால் மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு அதை ஹெக்சாவேலண்ட்டாக ஆக்சிஜனேற்றம் செய்ய முடியும். குரோமேட் எதிர்மின் அயனி, நீரோடு எளிதில் நகரும்.

ஸ்லைடு 14. 1996 வழக்கு?
நீ உயர்நீதிமன்றம் என்று போட்டிருக்கிறாய், தப்பு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது, டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. வேதியியல் வைவாவில் இதற்கு மேல் போகாது.

ஸ்லைடு 16, 17 வெறும் புகைப்படங்கள், கேள்வி வராது. மாற்றிய 5, 9, 14 மூன்றையும் இன்று ராத்திரிக்குள் அனுப்பு, பார்த்துவிடுகிறேன்.

— அக்கா