பண்டிகைக்கு முன், சுமதிக்கு

அன்புள்ள சுமதி,

போன் செய்தால் நீ எடுப்பாய். எடுத்தால் பேசுவாய். பேசினால் சாயங்காலம் தொண்டை இழுக்கும். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், பாதியில் வைத்துவிட்டுத் தூங்கலாம். என்னிடம் "உம்" கொட்ட வேண்டியதுகூட இல்லை.

நீ ஜன்னலோரம் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடும் படத்தை அண்ணன் அனுப்பியிருந்தார். கழுத்தில் பிளாஸ்திரி, கையில் பென்சில், முகத்தில் அந்தப் பழைய பிடிவாதம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே சரியாக வந்தது. உனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்த அன்று நான் வகுப்பில் என்ன பாடம் எடுத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. நீ வீட்டுக்கு வந்துவிட்டாய், பென்சிலைப் பிடித்துவிட்டாய். எனக்கு இந்த வருஷப் பண்டிகை அந்தப் படத்திலேயே தொடங்கிவிட்டது.

முதலில் பள்ளிக்கூடச் செய்தி. உன் ஐந்தாம் வகுப்பை இப்போதைக்கு நானும் அறிவியல் டீச்சரும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். பின்னம் கழித்தல் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் உட்காரும் உன் செல்லப் பிள்ளை எழுந்து, "சுமதி மிஸ் திரும்பி வரும்போது பேசக் கூடாதுன்னா, கையாலயே கணக்கு சொல்லுவாங்களா?" என்று கேட்டான். வகுப்பே யோசிக்க ஆரம்பித்துவிட்டது. பத்து நிமிஷத்தில் கூட்டலுக்கு ஒரு சைகை, கழித்தலுக்கு ஒரு சைகை, "சத்தம் போடாதே" என்பதற்கு மட்டும் மூன்று சைகை கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றும் நீ முறைக்கிற விதங்கள். ஒரு பெண் அவற்றை அப்படியே செய்து காட்டினாள். அச்சு அசலாக நீதான்! எல்லாரும் உனக்கு வாழ்த்து அட்டை செய்திருக்கிறார்கள். கட்டு பெரிதாக இருப்பதால் நேரில் கொண்டுவருகிறேன்.

இனி கொஞ்சம் மனசு விட்டு எழுதுகிறேன்.

உன்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "குரல் பழையபடி வந்துடும், கவலையே படாதே" என்று சொல்லிவிட்டுப் போவதாக எழுதியிருந்தாய். அவர்கள் போன பிறகு உனக்கு இன்னும் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அவர்கள் அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் நான் அதைச் சொல்லப்போவதில்லை, சுமதி. உன் குரல் எப்போது வரும், எந்த அளவுக்கு வரும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசினால், நாளைக்கு உனக்கு ஒரு சந்தேகம் வரும்போது என்னிடம் கேட்கவே தோன்றாது. நீ கேட்கிற ஆளாக நான் இருக்க வேண்டும்.

டாக்டரம்மா சொன்னதை மட்டும் நானும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். குரல் நாணை அசைக்கிற நரம்பு தைராய்டுக்குப் பின்னாலேயே ஒட்டிப் போகிறது. அதைக் கண்ணால் பார்த்துக் காப்பாற்றித்தான் சுரப்பியை எடுத்திருக்கிறார்கள். நரம்பு அறுபடவில்லை, அயர்ந்து போயிருக்கிறது. இப்படிக் கரகரப்பு வந்தவர்களில் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ குரல் தேறுகிறது. சிலருக்கு முழுதாகத் தேறுவதில்லை, அவர்களுக்குக் குரல் பயிற்சியும் வேறு சிகிச்சையும் இருக்கின்றன. இவ்வளவுதான் இப்போதைக்குத் தெரிந்த உண்மை. இதில் நம்பிக்கை வைக்கப் போதுமான இடம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். தேறாதவர்களைப் பற்றிய வாக்கியத்தையே நீ திரும்பத் திரும்பப் படிப்பாய் என்று தெரியும். தேறுகிறவர்களைப் பற்றிய வாக்கியத்தையும் அதே அளவு தடவை படி.

வாழ்நாள் முழுக்க மாத்திரையா என்று கேட்டிருந்தாய். வினாடி வினா நடத்துகிற உனக்கு ஒரு தகவல் வைத்திருக்கிறேன். 1891-ல் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு வேலை செய்யாமல் ஓய்ந்துபோயிருந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றைச் செலுத்திப் பார்த்தார். அந்தப் பெண் எழுந்து நடமாடி, அதற்குப் பிறகு 28 வருஷம் வாழ்ந்தார். உன் தலைமாட்டில் இருக்கிற அந்தக் குட்டி மாத்திரை அந்த வழியில் வந்ததுதான். இன்னொன்றும் உண்டு. 1909-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு தியோடோர் கோக்கெருக்குக் கிடைத்தது, முழுக்க முழுக்கத் தைராய்டைப் பற்றிய வேலைக்காக. உன் கழுத்துக்குள் இருந்த அந்தச் சின்னச் சுரப்பிக்கு எத்தனை பேர் உட்கார்ந்து மூளையைக் கசக்கியிருக்கிறார்கள் பார்! இரண்டையும் பள்ளி அறிவிப்புப் பலகையில் இந்த வாரக் கேள்வியாகப் போட்டிருக்கிறேன். உன் பேரைச் சொல்லித்தான் போட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

பண்டிகை விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் நீ யாருக்கும் உற்சாகமாக இருந்து காட்ட வேண்டியதில்லை. சிரிப்பு வந்தால் சிரி. வராவிட்டால் உள்ளறையில் போய்ப் படுத்துக்கொள். வீடு நிறைய ஆள் இருக்கும்போது நீ மட்டும் படுத்திருந்தால் ஏதோ குற்றம் செய்வதுபோல் உனக்குத் தோன்றும். தோன்றட்டும், நீ படுத்தே இரு. உனக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம்கூட முடியவில்லை. பரணில் இருப்பதை இறக்குவது, அலமாரியை நகர்த்துவது, வாளி தூக்குவது எதுவும் உன் வேலை இல்லை. பெரியவன் நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கிறான், அவன் தூக்கட்டும். புதுத்துணி எடுத்தால் தலைவழியே மாட்டாமல் முன்பக்கம் பட்டன் வைத்ததாக, கழுத்தில் உரசாததாகப் பார்த்து எடுக்கச் சொல். நிறம் மட்டும் நீ தேர்ந்தெடு. அண்ணனிடம் விட்டால் சாம்பல் நிறத்தில்தான் வந்து நிற்கும்.

அன்று காலை கலகலப்பில் மாத்திரை தவறிவிடக் கூடாது. எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று உன்னிடமே சொல்லியிருக்கிறார்கள். சின்னவள் போனில் இரண்டுக்கும் அலாரம் வைத்துவிட்டதாகச் சொன்னாள். கெட்டிக்காரி. விரல் நுனியிலோ உதட்டைச் சுற்றியோ மதமதப்பாக இருந்தால், தையல் பக்கம் சிவந்து சூடாக இருந்தால், பண்டிகையும் அதுவுமாக எப்படித் தொந்தரவு செய்வது என்று யோசிக்காதே. விடுமுறை அன்று எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று அண்ணன் ஆஸ்பத்திரியில் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்.

வாழ்த்துச் சொல்லி வருகிற போன்கள்தான் எனக்குப் பெரிய கவலை. வருஷா வருஷம் உனக்கு வருகிற போன் கொஞ்சமா நஞ்சமா! பழைய மாணவர்கள், அவர்களுடைய அம்மா அப்பாக்கள், உறவுக்காரர்கள். அன்று உன் போனைச் சின்னவளிடம் கொடுத்துவிடு. கிசுகிசுவென்று பேசிச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதே, அது தொண்டைக்கு இன்னும் சிரமம் என்று உன் குரல் பயிற்சியாளரே சொன்னாரே. அனுப்புவதற்கு ஒரு வாசகம் எழுதி வைத்திருக்கிறேன். பிடித்தால் அப்படியே அனுப்பு, பிடிக்காவிட்டால் திருத்திக்கொள்:

"அன்பான பண்டிகை வாழ்த்துகள். எனக்குச் சமீபத்தில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டில் ஓய்வில் இருக்கிறேன், தேறி வருகிறேன். குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருப்பதால் போனில் பேச முடியவில்லை. உங்கள் வாழ்த்து கிடைத்தது, மனசு நிறைந்தது. பேச முடிகிறபோது நானே கூப்பிடுகிறேன். சுமதி."

கடைசி வரியில் தேதி எதுவும் போடவில்லை. வேண்டுமென்றேதான்.

பயாப்சி ரிப்போர்ட் பண்டிகை முடிந்த பிறகுதான் வரும் என்றார்கள். நடுவில் இத்தனை நாள் இருக்கிறதே என்று உனக்கு இருக்கும், எனக்கும் இருக்கிறது. நல்லதாகவே வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. நல்லதாக வர வேண்டும் என்று தினமும் வேண்டுகிறேன், அதை மனசாரச் சொல்கிறேன். என் கையில் இருப்பதை மட்டும் வாக்காகத் தருகிறேன். ரிப்போர்ட் வாங்கப் போகிற நாள் நான் லீவு சொல்லியாகிவிட்டது. அண்ணனோடு நானும் வருகிறேன். கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வை, உனக்குப் பதிலாக நான் வாசித்துக் கேட்கிறேன், பதிலையும் எழுதிக்கொள்கிறேன். அதில் என்ன எழுதியிருந்தாலும், அன்று மாலை உன் பக்கத்தில் நான் இருப்பேன். நீ என்னை வரவேண்டாம் என்று சொன்னாலும் சரி, வருத்தப்பட மாட்டேன். கூப்பிடுகிற தூரத்தில்தான் இருப்பேன்.

அதற்கு நடுவே ராத்திரியில் போனைத் தோண்டிக்கொண்டிருக்காதே, கண்ணு. அந்த வேளையில் பயம் வந்தால் எனக்கு ஒரு புள்ளி அனுப்பு. வெறும் புள்ளி போதும். விழித்திருந்தால் உடனே பதில் போடுவேன், தூங்கியிருந்தால் எழுந்ததும் போடுவேன்.

உனக்கும் அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் மனமார்ந்த பண்டிகை வாழ்த்துகள். தையல் சீக்கிரம் ஆறட்டும். தூக்கம் நன்றாக வரட்டும். விழுங்கும்போது இழுக்கிற அந்த இழுப்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறையட்டும். உன் குரல் தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டு தேறட்டும். உன்னோடு பேசாமலே பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கும், உனக்கும் அது தெரியும்.

சனிக்கிழமை மதியம் வாழ்த்து அட்டைகளோடு வருகிறேன். அரை மணி நேரம்தான் இருப்பேன். நீ தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன்.

அன்புடன்,
கௌரி

பி.கு.: அந்தக் குறுக்கெழுத்தில் பதினேழு குறுக்கே தப்பு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சரியான விடையைச் சொல்ல மாட்டேன், நீயே கண்டுபிடி.