கவிதை நயம் பாராட்டல்: பாரி மகளிரின் ‘அற்றைத் திங்கள்’

வினா: கீழ்க்காணும் புறநானூற்றுப் பாடலின் (112) திரண்ட கருத்தை எழுதி, அதன் நயங்களைப் பாராட்டி, உன் எண்ணத்தையும் எழுதுக.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

விடை:

திரண்ட கருத்து

பறம்பு மலையை ஆண்ட வள்ளல் பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டனர். பாரி இறந்தான், மலை பறிபோனது. அவனுடைய மகளிர் இருவரும் பாடிய பாடல் இது. “அன்றைய மாதத்து வெண்ணிலவில் எங்கள் தந்தை எங்களோடு இருந்தார், எங்கள் குன்றையும் யாரும் கொள்ளவில்லை. இன்றைய மாதத்து இவ்வெண்ணிலவில் வென்று முரசறைந்த வேந்தர் எங்கள் குன்றைக் கொண்டுவிட்டார்கள், எங்களுக்குத் தந்தையும் இல்லை” என்கிறார்கள்.

மையக் கருத்து

தந்தையையும் பிறந்த மண்ணையும் சேர்த்து இழந்தவர்களின் துயரமே பாடலின் மையம். திணை பொதுவியல், துறை கையறுநிலை. ஆனால் கையறுநிலைப் பாடல்களில் நாம் வழக்கமாகப் பார்க்கும் புகழுரை இதில் இல்லை. முல்லைக்குத் தேர் ஈந்தவன் என்று தந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவன் பெயர்கூட இல்லை. ‘எந்தை’, அவ்வளவுதான். உலகத்துக்கு அவன் வள்ளல், இவர்களுக்கு அப்பா.

காட்சி நயம்

பாடலில் உள்ள ஒரே இயற்கைக் காட்சி நிலவு. அது இரண்டு முறை வருகிறது. இரண்டு முறையும் வெண்மையாகவே வருகிறது. துயரத்தைச் சொல்லும் கவிஞர்கள் நிலவை மங்கச் செய்வார்கள், மேகத்தில் மறைப்பார்கள். இந்தப் பெண்கள் அப்படிச் செய்யவில்லை. நிலவு அப்படியே இருக்கிறது, கீழே இருந்த வாழ்க்கைதான் போய்விட்டது. நிலவு மாறாமல் இருப்பதால்தான் இழப்பின் அளவு நமக்குத் தெரிகிறது. போர்க்களம், குருதி, சிதை எதையும் காட்டாமல், நிலவொளியில் நிற்கும் ஒரு குன்றை மட்டும் காட்டி முழுக்கதையையும் சொல்லிவிடுகிறார்கள்.

நான் மிகவும் வியப்பது சொற்களின் வரிசையை. முதல் பாதியில் தந்தை முன்னே, குன்று பின்னே. இரண்டாம் பாதியில் குன்று முன்னே வந்துவிடுகிறது. தந்தை கடைசிக்குத் தள்ளப்படுகிறார். சொல்லத் துணிவு வராத செய்தியை முடிந்தவரை தள்ளிப்போடுவது போல இருக்கிறது. வேறு வழியில்லாமல் சொல்லும்போதும் ‘கொன்றார்’ என்று சொல்லவில்லை. ‘உடையேம்’ என்றவர்கள் ‘இலமே’ என்று முடிக்கிறார்கள்.

‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்ற தொடர் மேலோட்டமாகப் பார்த்தால் பாராட்டு. ஆனால் ஒரு சிறு மலையைக் கொள்ள மூன்று பேரரசர்கள் ஒன்றுகூட வேண்டியிருந்தது. பறம்பைப் போரிட்டு வெல்ல முடியாது, பாடிக்கொண்டு போனால் பாரியே தந்துவிடுவான் என்று கபிலர் பாடியதை (புறம் 109) நினைத்துக்கொண்டு படித்தால், அந்த முரசொலியில் இகழ்ச்சிதான் கேட்கிறது.

தொடை நயம்

அற்றை × இற்றை, உடையேம் × இலம், கொளார் × கொண்டார் எனப் பாடல் முழுவதும் முரண்தொடை ஓடுகிறது. அற்றை – இற்றை, வென்றெறி – குன்றும் ஆகியவை எதுகை. அற்றை – அவ்வெண், இற்றை – இவ்வெண், வென்றெறி – வேந்தர் ஆகியவை பொழிப்பு மோனை. ஈற்றயலடி முச்சீராக வந்ததால் இது நேரிசை ஆசிரியப்பா. வேந்தர் வரும் அடியே அந்தக் குறைந்த அடி என்பதும், அது ‘எம்’ என்று நின்று அடுத்த அடியின் ‘குன்றும்’ என்ற சொல்லைத் தேடுவதும் படிக்கும்போது மனத்தைப் பிடிக்கின்றன. உள்ளதை உள்ளபடி கூறுவதால் தன்மை அணி.

சுவை

அழுகைச் சுவை. தொல்காப்பியர் அழுகைக்குக் கூறும் நான்கு காரணங்களுள் உறவை இழத்தலான இழவும், பண்டைய நிலை கெடுதலான அசைவும் இங்கே ஒன்றாகச் சேர்ந்துள்ளன. பாடலில் ‘கண்ணீர்’ என்ற சொல் இல்லை. படிக்கிறவருக்குத்தான் கண் கலங்குகிறது.

என் எண்ணம்

எங்கள் பாட்டியின் வீடு சாலை விரிவாக்கத்துக்காக இடிக்கப்பட்டது. அந்த வீட்டைப் பற்றி அவர் எப்போது பேசினாலும் “போன பொங்கலுக்கு அந்த வாசல்ல கோலம் போட்டோம்” என்றுதான் தொடங்குவார். இழந்தவர்கள் காலத்தை அப்படித்தான் அளக்கிறார்கள் என்பது இப்பாடலைப் படித்த பிறகு எனக்குப் புரிந்தது. பாரி மகளிரும் வென்றவர்களைச் சபிக்கவில்லை. போன திங்களையும் இந்தத் திங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். சபித்திருந்தால் அது மூவேந்தரோடு முடிந்துபோயிருக்கும். சபிக்காததால், ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட யாரும் இந்த ஐந்து அடிகளைத் தம் பாட்டாகச் சொல்லிக்கொள்ள முடிகிறது.