பொருள்: கொக்கட்டிச்சோலை நிலையத்துக்கு 1000 லீற்றர் பால் குளிரூட்டும் தாங்கி, மூன்று விலைமனுக்களும் என் பரிந்துரையும்

வணக்கம் சேர்,

தாங்கிக்காகக் கேட்டிருந்த மூன்று விலைமனுக்களும் வெள்ளிக்கிழமையோடு கைக்கு வந்துவிட்டன. ஒன்று கொழும்பிலிருந்து, ஒன்று கண்டியிலிருந்து, மற்றது நம் மட்டக்களப்பு நகரத்திலேயே உள்ள வியாபாரியிடமிருந்து. மூன்றையும் ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன். நேரம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தை மட்டும் படித்தாலே முடிவெடுக்கலாம். என் பரிந்துரை கண்டி நிறுவனம். 31ஆம் திகதிக்குப் பிறகு அவர்கள் இந்த விலையைத் தரமாட்டார்கள். வியாழக்கிழமை, 21ஆம் திகதிக்குள் உங்கள் ஒப்புதல் கிடைத்தால் திங்கட்கிழமை ஓடர் கொடுத்துவிடலாம்.

முதலில் விலை. மூன்று பேரும் மூன்று விதமாக விலை எழுதியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் உள்ள தொகையை மட்டும் பார்த்தால் மட்டக்களப்பு வியாபாரி 2,195,000 ரூபா, கண்டி 2,380,000 ரூபா, கொழும்பு 2,850,000 ரூபா. ஆனால் கொழும்பும் கண்டியும் வற் சேர்க்காமல் எழுதியிருக்கின்றன. நமக்கு வற் பதிவு இல்லாததால் அந்த 18 வீதத்தைத் திரும்பப் பெற வழியில்லை, அது முழுக்க நம் செலவுதான். அதோடு போக்குவரத்து, வோல்டேஜ் ஸ்டெபிலைசர், பூட்டும் கூலி எல்லாவற்றையும் ஒருவர் சேர்த்திருக்கிறார், இன்னொருவர் சேர்க்கவில்லை. எல்லாவற்றையும் கூட்டி, தாங்கி கொக்கட்டிச்சோலையில் ஓடத் தொடங்கும் வரைக்கும் என்ன செலவாகும் என்று பார்த்தேன்.

கொழும்பு: தாங்கி, ஸ்டெபிலைசர், பூட்டுதல் எல்லாம் சேர்த்து 2,850,000, வற் 513,000. மட்டக்களப்பு நகரம் வரைதான் கொண்டுவந்து தருவார்கள். அங்கிருந்து மண்முனைப் பாலம் வழியாக நிலையத்துக்கு லொறிக்கூலி 18,000. மொத்தம் 3,381,000 ரூபா.

கண்டி: 2,380,000, வற் 428,400. பூட்டுதல் உட்பட்டது. நிலையத்தின் வாசல் வரை போக்குவரத்து 65,000, ஸ்டெபிலைசர் 110,000, இரண்டும் வரி உட்பட. மொத்தம் 2,983,400 ரூபா.

மட்டக்களப்பு: 2,195,000, வற் இல்லை. ஸ்டெபிலைசர் 95,000, பூட்டுவதற்கு வெளியாள் கூலி 60,000. மொத்தம் 2,350,000 ரூபா.

நமக்கு ஒதுக்கியிருப்பது 30 இலட்சம். கொழும்பு அதைத் தாண்டி 381,000 ரூபா போகிறது. கண்டி 16,600 ரூபா மிச்சத்தோடு உள்ளே நிற்கிறது. மட்டக்களப்பில் ஆறரை இலட்சம் மிச்சம் என்று தெரியும். அதனால்தான் அந்தத் தாங்கியை நேரில் பார்க்காமல் எழுதக்கூடாது என்று சனிக்கிழமை காலை கடைக்குப் போனேன்.

விலைமனுவில் "நல்ல நிலையில் உள்ளது" என்று மட்டும்தான் இருக்கிறது, புதியது என்று எங்கேயும் எழுதவில்லை. போய்ப் பார்த்தால் கம்பிரசர் பக்கத்துத் தகட்டில் உற்பத்தி ஆண்டு 2016. பால் வெளியேறும் குழாயடியில் பழைய ஒட்டு ஒன்று இருக்கிறது. மேலே பொலிஷ் போட்டிருக்கிறார்கள், ஆனால் விரலால் தடவினால் மேடு தெரிகிறது. பால் படுகிற இடத்தில் அப்படி ஒரு மேடு இருந்தால் எவ்வளவு கழுவினாலும் அதற்குள் பால் படிந்துவிடும். மூடியின் றப்பர் காய்ந்து வெடித்திருக்கிறது. எல்லாவற்றையும் விட, உள்ளே இருப்பது ஆர்-22 வாயு. ஓசோன் உடன்படிக்கையின்படி நம்மைப் போன்ற நாடுகளில் அதன் பாவனையை 2030க்குள் கிட்டத்தட்ட முழுமையாக நிறுத்த வேண்டும். இப்போது வாங்கினால் நாலைந்து வருடத்தில் வாயு கசியும்போது நிரப்புவதற்கு வாயு தேடி அலைய வேண்டியதுதான். வியாபாரியும் மனம் திறந்துதான் பேசினார், "ஆறு மாதத்துக்கு நான் பொறுப்பு, பிறகு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். மூன்று நாளில் தருவதாகவும் இறக்கும்போது முழுப் பணமும் தர வேண்டும் என்றும் சொன்னார். உடனே கிடைக்கும் என்பது ஒன்றுதான் அதில் உள்ள நன்மை. அது ஒற்றை பேஸ் மின்சாரத்தில் ஓடும் தாங்கி என்பதும் எனக்குப் பயமாக இருக்கிறது. நிலையத்தில் மாலை 6 மணிக்கு அளந்தபோது ஒரு பேஸில் 198 வோல்ட்தான் இருந்தது. நமக்கு மூன்று பேஸ் இணைப்பு ஏற்கெனவே இருக்கும்போது அந்த ஒரு கம்பியில் எல்லாப் பாரத்தையும் போட வேண்டியதில்லை.

கொழும்புத் தாங்கி சந்தேகமில்லாமல் நல்ல பொருள். ஐரோப்பாவில் செய்தது, வெளிவெப்பம் 38 பாகையாக இருக்கும்போதும் பாதித் தாங்கிப் பாலை, அதாவது 500 லீற்றரை, 35 பாகையிலிருந்து 4 பாகைக்கு மூன்று மணித்தியாலத்தில் கொண்டுவரும் என்று சர்வதேசத் தரக் குறியீட்டோடு எழுத்திலேயே தந்திருக்கிறார்கள். பட்ஜெட்டில் இடம் இருந்தால் நானே அதைக் கேட்டிருப்பேன். ஆனால் நிபந்தனைகள் எனக்குப் பிடிக்கவில்லை. பாதி முற்பணம், மீதிப் பாதி கொழும்பிலிருந்து அனுப்பும் முன்பு. அதாவது தாங்கியைக் கண்ணால் காணும் முன்பே முழுப் பணமும் போய்விடும். டொலர் விலை 3 வீதத்துக்கு மேல் கூடினால் விலையும் கூடும் என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. கம்பிரசருக்கு இரண்டு வருட உத்தரவாதம், மற்றவற்றுக்கு ஒரு வருடம். பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வர மூன்று நாள் என்று எழுதியிருக்கிறார்கள், பயணச் செலவும் நம்முடையது. மூன்று நாள் பால் எங்கே போகும் சேர்?

கொழும்பில் இறக்குமதி செய்து தர 10 முதல் 12 வாரம் ஆகுமாம். 25ஆம் திகதி முற்பணம் கொடுத்தாலும் நொவெம்பர் 3க்கும் 17க்கும் இடையில்தான் வரும். அப்போது இங்கே மாரி. படுவான்கரைப் பக்கம் வெள்ளம் ஏறினால் லொறி உள்ளே வராது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுவும் புல் முளைத்துப் பால் கூடும் காலம். இப்போது ஒரு நாளைக்கு 620 லீற்றர் வருகிறது, போன மாரியில் 800 வரை வந்தது. அந்தப் பாலை ஏற்கத்தான் இந்தத் தாங்கியே.

கண்டி நிறுவனம் தாங்கியை இங்கேயே செய்து, கம்பிரசரை மட்டும் வெளிநாட்டிலிருந்து எடுத்துப் பூட்டுகிறது. பால் படும் பாகமெல்லாம் 304 தரத்துத் துருப்பிடிக்காத உருக்கு. முற்பணம் 40 வீதம் (1,123,360), நிலையத்தில் இறக்கியதும் 50 வீதம் (1,404,200), 14 நாள் ஓட்டிப் பார்த்துத் திருப்தி என்று நாம் கையெழுத்து வைத்த பிறகு 10 வீதம் (280,840). அந்தக் கடைசிப் பத்து வீதம் நம் கையில் இருப்பது பெரிய பலம். முழுத் தாங்கிக்கும் 18 மாத உத்தரவாதம். அவர்களுடைய தொழில்நுட்பவியலாளர் ஒருவர் கல்முனையில் இருக்கிறார். அவரோடு நானே போனில் பேசினேன், காலையில் அழைத்தால் மத்தியானத்துக்குள் கொக்கட்டிச்சோலைக்கு வந்துவிடலாம் என்றார். முற்பணம் கிடைத்து ஐந்து வாரத்தில் தாங்கி வரும். 25ஆம் திகதி கொடுத்தால் செப்டெம்பர் 29. ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் ஓட்டிப் பார்த்தும் முடிந்துவிடும்.

கண்டியில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. அவர்களும் மூன்று மணித்தியாலம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் கேட்டுப் பார்த்ததில் அது வெளிவெப்பம் 32 பாகையில் சோதித்த கணக்கு. நம் நிலையத்தின் கம்பிரசர் கொட்டகைக்குத் தகரக் கூரை. வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், பகல் 2 மணிக்கு 37. கண்டி வெயிலை வைத்து நமக்கு விற்கிறார்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் 38 பாகையில் எத்தனை மணித்தியாலம் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். நாளைக்குள் தருவதாகச் சொன்னார்கள். மூன்றரை மணித்தியாலத்துக்குள் என்று எழுதித் தந்தால் நமக்குப் போதும், அதை ஓடரிலேயே நிபந்தனையாகப் போட்டுக் கடைசிப் பத்து வீதத்தோடு கட்டிவிடலாம். தராவிட்டால் உங்களோடு மறுபடி பேசாமல் ஓடர் கொடுக்கமாட்டேன். கூரைக்கு ஓலை வேய்ந்தாலும் நல்ல வித்தியாசம் தெரியும், முனைக்காட்டில் ஆள் கேட்டிருக்கிறேன்.

அதோடு இரண்டு விடயம் பேரம் பேசப் பார்க்கிறேன். முற்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும், இல்லாவிட்டால் முற்பணத்தை 30 வீதமாகக் குறைக்க வேண்டும். செப்டெம்பர் 29ஐத் தாண்டினால் வாரத்துக்கு இவ்வளவு என்று தாமதக் கழிவு வேண்டும். விலையில் குறைக்கச் சொல்லி நான் அழுத்தவில்லை. ஸ்டெபிலைசரை இலவசமாகக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள், சரி என்று விட்டுவிட்டேன். விலையைக் கிள்ளினால் கம்பிரசரில் கிள்ளுவார்கள்.

சேர், இதில் நான் இவ்வளவு அவசரப்படுவதற்குக் காரணம் ஜூலை மாதம். இருக்கிற 500 லீற்றர் தாங்கி நிறைந்து, மிஞ்சிய பாலைக் கேனில் அனுப்பி, அந்த மாதத்தில் மட்டும் ஒன்பது நாள், 1,340 லீற்றர் திருப்பி வந்தது. மகிழடித்தீவிலிருந்து காலை ஆறரைக்கே சைக்கிளில் இரண்டு கேன் கொண்டுவரும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் தரும்போது அற்ககோல் பரிசோதனையில் பால் நன்றாகத்தான் இருந்தது. நம்மிடம் வைத்துத்தான் திரைந்தது. மறுநாள் கணக்கில் குறைத்து எழுதியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, கேனைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டு போனார். அந்தக் கழிவை விவசாயியின் தலையில் போடாமல் நிலையக் கணக்கில் எழுதலாமா என்பதைத் தனியாக உங்களிடம் கேட்க வேண்டும், அடுத்த வாரம் எழுதுகிறேன்.

ஒப்புதல் என்றால் "கண்டி, சரி" என்று பதில் போட்டால் போதும், ஓடர் கடிதத்தை நான் தயார் செய்து வைத்திருக்கிறேன். முற்பணக் காசோலைக்கு உங்கள் கையெழுத்தோடு பொருளாளர் கையெழுத்தும் வேண்டும். அவர் வெள்ளிக்கிழமை ஏறாவூர் போகிறாராம், அதனால் வியாழன் பின்னேரம் இருவரும் அலுவலகத்தில் இருப்பீர்களா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நன்றி,
சுதர்சினி
கொள்வனவுப் பிரிவு
மட்டக்களப்பு
18 ஆகஸ்ட் 2025