கிரெடிட் கார்டு ஒப்பந்தம்: வட்டி, கட்டணங்கள், அவற்றை மாற்றும் முறை (பிரிவு 7 முதல் 10 வரை)

2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதில் "நாங்கள்" என்பது கார்டு வழங்கிய வங்கி. "நீங்கள்" என்பது கார்டுதாரர்.

7. சுழல் வட்டி

7.1 உங்கள் ஸ்டேட்மென்ட் மாதந்தோறும் 10ஆம் தேதி போடப்படும். அதிலிருந்து 20ஆம் நாள் பணம் கட்டக் கடைசித் தேதி. மொத்தத் தொகையையும் அதற்குள் கட்டிவிட்டால் வாங்கிய பொருளுக்கு வட்டி கிடையாது. வாங்கிய நாளைப் பொறுத்து அதிகபட்சம் 50 நாள் வரை இந்தச் சலுகை கிடைக்கும்.

7.2 ஒரு ரூபாய் பாக்கி வைத்தாலும் இந்தச் சலுகை போய்விடும். வட்டி கடைசித் தேதியிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படும். பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய அன்றே வட்டி தொடங்கும். விகிதம் மாதம் 3.5%, அதாவது ஆண்டுக்கு 42%. வட்டியின் மேல் 18% ஜிஎஸ்டி உண்டு.

7.3 கையெழுத்திடும் முன் இந்தக் கணக்கை நிதானமாகப் பாருங்கள். மே 12 அன்று ரூ. 20,000க்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்குகிறீர்கள். ஜூன் 10 ஸ்டேட்மென்ட்டில் மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை, ரூ. 1,000. ஜூன் 30 அன்று அதை மட்டும் கட்டுகிறீர்கள்.

மே 12 முதல் ஜூன் 29 வரை 49 நாளுக்கு ரூ. 20,000 மீது வட்டி: ரூ. 1,127.67
ஜூன் 30 முதல் ஜூலை 10 வரை 11 நாளுக்கு ரூ. 19,000 மீது வட்டி: ரூ. 240.49
ஜிஎஸ்டி: ரூ. 246.27
ஜூலை 10 அன்று மொத்த பாக்கி: ரூ. 20,614.43

அதாவது, ஆயிரம் ரூபாய் கட்டிய பிறகும் கடன் ஃபிரிட்ஜின் விலையைத் தாண்டி நிற்கிறது. மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம்தான் வராது, வட்டி நிற்காது.

7.4 மினிமம் டியூ என்பது அசல் பாக்கியில் 5%, அதோடு அந்த மாத வட்டி, கட்டணம், வரி முழுவதும். மேலே சொன்ன கணக்கில் ஜூலை மாத மினிமம் டியூ ரூ. 2,564.43. கட்டாமல் விட்ட கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போட மாட்டோம்.

7.5 பாக்கியை முழுதாக அடைத்த பிறகும் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் சிறு வட்டித்தொகை வரலாம். அது முந்தைய ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி.

7.6 ஏடிஎம்மில் கார்டு வழியாகப் பணம் எடுத்தால் வட்டியில்லா நாள் ஒன்றுகூடக் கிடையாது. தொகையில் 2.5% கட்டணமும் உண்டு, குறைந்தது ரூ. 500.

8. ஆண்டுக் கட்டணம்

முதல் ஆண்டு இலவசம். அப்புறம் ஆண்டுக்கு ரூ. 999, ஜிஎஸ்டி தனி. முந்தைய 12 மாதத்தில் ரூ. 1,50,000க்குப் பொருள் வாங்கியிருந்தால் கட்டணம் தள்ளுபடி. வாடகை, வாலட்டில் ஏற்றும் பணம், ஏடிஎம்மில் எடுத்த பணம் இதில் சேராது. கட்டணம் ஸ்டேட்மென்ட்டில் வந்த 30 நாளுக்குள் கார்டை மூடச் சொன்னால் அதைத் திருப்பித் தருவோம்.

9. தாமதக் கட்டணம்

9.1 கடைசித் தேதி கடந்து மூன்று நாளுக்கு மேலும் மினிமம் டியூ வராவிட்டால் மட்டுமே இந்தக் கட்டணம். அந்த மூன்று நாளுக்குள் கட்டியவரைத் தவணை தவறியவர் என்று கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க மாட்டோம்.

9.2 கட்டணம் பில்லின் மொத்தத்துக்கு அல்ல, கட்டாமல் நிற்கும் தொகைக்கு:

ரூ. 500 வரை: இல்லை
ரூ. 501 முதல் 5,000 வரை: ரூ. 500
ரூ. 5,001 முதல் 10,000 வரை: ரூ. 750
ரூ. 10,001 முதல் 25,000 வரை: ரூ. 900
அதற்கு மேல்: ரூ. 1,200

பில் ரூ. 10,300, மினிமம் டியூ ரூ. 515, நீங்கள் கட்டியது ரூ. 400 என்றால் நிற்பது ரூ. 9,900. கட்டணம் ரூ. 750, ரூ. 900 அல்ல.

10. மாற்றங்கள்

10.1 வட்டியையோ கட்டணத்தையோ மாற்றினால் குறைந்தது ஒரு மாதம் முன்பே எஸ்எம்எஸ், மின்னஞ்சல் இரண்டிலும் சொல்வோம். பழையது எவ்வளவு, புதியது எவ்வளவு, எந்த நாள் முதல் என்பது அதில் இருக்கும். இணையதளத்தில் போட்டுவிட்டு அதையே அறிவிப்பு என்று சொல்ல மாட்டோம்.

10.2 மாற்றம் இனி வரும் நாட்களுக்கு மட்டுமே பொருந்தும். மாற்றம் நடைமுறைக்கு வரும் தேதிக்கு முந்தைய நாட்களின் வட்டி பழைய விகிதத்திலேயே இருக்கும். ஏற்கெனவே இஎம்ஐ ஆக மாற்றிய தொகையின் வட்டியும் மாறாது. ஜிஎஸ்டி விகிதத்தை அரசு மாற்றினால் மட்டும் அரசு சொன்ன நாளிலிருந்து அது நடைமுறைக்கு வரும்.

10.3 மாற்றம் பிடிக்கவில்லையா, கார்டை மூடிவிடலாம். பாக்கியைக் கட்டினால் போதும். மூடுவதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. பாக்கி இல்லாத கார்டை, நீங்கள் கேட்டதிலிருந்து ஏழு வேலைநாளுக்குள் மூடுவோம். தவறினால், மூடும்வரை நாளொன்றுக்கு ரூ. 500 உங்களுக்கு நாங்கள் தர வேண்டும்.

10.4 உங்கள் சம்மதம் பெறாமல் லிமிட்டைக் கூட்டவோ வேறு வகைக் கார்டுக்கு மாற்றவோ எங்களுக்கு உரிமை இல்லை. பதில் சொல்லாமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

10.5 புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.