நிலாவெளி கரைவலை வீடியோ: எடிட்டிங் குறிப்பு

தம்பி, ஹார்ட் டிஸ்க்கை மட்டக்களப்புக்கு வரும் மச்சானிடம் கொடுத்து விட்டேன், நாளை காலை கையில் கிடைக்கும். கீழே இருக்கும் நேரங்கள் எல்லாம் நான் போட்ட ரஃப் கட்டின் நேரங்கள் (`Karaivalai_Rough_v2.mp4`, மேலே இடது மூலையில் எண் ஓடிக்கொண்டிருக்கும்). ரஃப் 11:38 இருக்கிறது. கடைசியில் ஏழே கால் நிமிடத்துக்குள் வர வேண்டும். அதற்கு மேல் ஒரு நிமிடம் நீண்டாலும் பரவாயில்லை என்று நினைத்து விட்டுவிட வேண்டாம், நான் பிறகு வெட்டச் சொல்வேன்.

முதலில் ஒன்று சொல்லி விடுகிறேன். அன்றைக்கு மீன் பெரிதாகப் படவில்லை. மூன்று கூடை சூடை, கொஞ்சம் கீரி, மிச்சம் சொறியும் பாசியும். அதற்காக இதைச் சோகக் கதையாக ஆக்க வேண்டாம். அவர்கள் சிரித்துக்கொண்டுதான் வலையை உதறினார்கள், அடுத்த நாளும் வைத்தார்கள். இந்த வீடியோ கயிறு இழுப்பதைப் பற்றியது. இழுக்கிற சத்தமும் இழுக்கும்போது பாடும் அம்பாவும் சரியாக வந்தால் மற்றது எல்லாம் தானாக நிற்கும்.

00:00–00:38. நான் ட்ரோனில் தொடங்கியிருக்கிறேன், அது பிழை. எல்லாரும் ட்ரோனில்தான் தொடங்குகிறார்கள். அதைத் தூக்கி விட்டு `C0012.MP4`இல் தொடங்குங்கள்: இருட்டு, ஒரு டோர்ச் வெளிச்சம், தோணியை மணலில் தள்ளும் சத்தம். முதல் நாலு விநாடி படமே வேண்டாம், கறுப்புத் திரையில் சத்தம் மட்டும் ஓடட்டும். மொத்தம் 22 விநாடி போதும். இசை இல்லை.

00:38–01:50. தோணி போகிறது, கரையில் நிற்பவர் ஒரு கயிற்று முனையைப் பிடித்திருக்கிறார், தோணி அரைவட்டமாகச் சுற்றி வலையைக் கொட்டிக்கொண்டு மற்ற முனையோடு கரைக்கு வருகிறது. இதை 50 விநாடிக்குள் முடிக்கலாம். ட்ரோன் இங்கேதான் தேவை, ஏனென்றால் அந்த அரைவட்டம் மேலிருந்து பார்த்தால்தான் புரியும். 01:12இல் இருந்து 01:24 வரை எடுங்கள். 01:25இல் ட்ரோன் தெற்கே திரும்பும்போது ஒரு முகாமின் கூரை தெரிகிறது, அந்தப் பகுதி ஒரு ஃபிரேம் கூட உள்ளே வரக் கூடாது. அனுமதி எடுத்துத்தான் பறந்தோம், என்றாலும் வீண் தலையிடி வேண்டாம். ட்ரோன் 30இல் எடுத்தது, டைம்லைன் 25. அதை 25 என்றே எடுத்துக்கொள்ளச் சொல்லி விடுங்கள், கொஞ்சம் மெதுவாக ஓடும், அழகாகத்தான் இருக்கும். ட்ரோனில் சத்தம் இல்லை, `ZOOM0007.WAV`இல் அலைச் சத்தம் நீளமாகப் பிடித்து வைத்திருக்கிறேன், அதைக் கீழே போடுங்கள்.

தலைப்பு 01:14இல் வரும்: கரைவலை. தோணி இடது பக்கம் கீழே இருக்கிறது, அதனால் தலைப்பு வலது மேல், வானத்தில். வெள்ளை எழுத்து, நிழல் இல்லை, அசைவு இல்லை. மூன்று விநாடி நின்று மறையட்டும். அடியில் சின்னதாக «நிலாவெளி, திருகோணமலை». தொலைவில் தெரியும் புறாத்தீவின் மேல் எழுத்து ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

01:50–03:20. சம்மாட்டி ஐயாவின் பேச்சு. பேர் போட வேண்டாம் என்று கேட்டார், அதனால் பெயர்ப் பலகையில் «கரைவலைச் சம்மாட்டி» மட்டும். மூன்று துண்டு எடுங்கள்: 01:56–02:14 (எத்தனை மணிக்கு வருவார்கள்), 02:31–02:52 (பாடு என்றால் என்ன, யார் எங்கே வலை வைக்கலாம் என்பது), 03:02–03:18 (பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவார்களா). கடைசித் துண்டில் அவர் பதில் சொல்லாமல் கடலைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். அந்த ஐந்து விநாடி மௌனத்தை வெட்டி விடாதீர்கள், அதுதான் பதில். 02:15இல் அரசியல்வாதி ஒருவரைப் பற்றிச் சொல்கிறார், அது எனக்குச் சொன்னது, ஊருக்கு இல்லை.

அவருடைய பேச்சுக்குத் தமிழ் வசனமும் போடுகிறோம், காற்றில் சில சொல் போய் விட்டது. அவர் பேசிய மாதிரியே எழுதுங்கள், எழுத்துத் தமிழாகத் திருத்த வேண்டாம். முதல் துண்டுக்கு இப்படி, இதில் உள்ள நேரம் மட்டும் ரஃப் கட்டின் நேரம் இல்லை, கடைசி வீடியோவின் நேரம்:

```
1
00:01:14,200 --> 00:01:17,600
நாலரைக்கே வந்திட்டம்.
காத்து கொஞ்சம் கூட, எண்டாலும் வைப்பம்.
```

சிங்கள வசனமும் ஆங்கில வசனமும் தனி ஃபைலாக நான் பிறகு அனுப்புவேன். அதனால் திரையின் கீழ் கால்வாசியை எதற்கும் காலியாக விடுங்கள். பெயர்ப் பலகை இடது மேல்.

03:20–04:05. தேத்தண்ணிக் கடை. கடை ரேடியோவில் சினிமாப் பாட்டு போகிறது, போட்டால் அரை மணித்தியாலத்தில் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். எல்லாவற்றையும் எடுத்து விட்டு, 03:41இல் பால் தேத்தண்ணி ஆற்றும் ஐந்து விநாடியை மட்டும் சத்தம் அணைத்து, மேலே அலைச் சத்தம் போட்டு வையுங்கள்.

04:05–07:50. இதுதான் வீடியோ. மூன்றே முக்கால் நிமிடத்தை 2:40 ஆக்க வேண்டும், ஆனால் ஓடுகிற மாதிரித் தெரியக் கூடாது. இங்கே என் பிழையும் ஒன்று இருக்கிறது: ரெக்கோடரில் பட்டனை அழுத்தாமல் ஒரு மணி நேரம் கழுத்தில் தொங்க விட்டுக்கொண்டு நின்றேன். 05:10 வரை கமராவின் சத்தம் மட்டும்தான், அதிலும் காற்று. 05:10இற்குப் பிறகு `ZOOM0009.WAV` சுத்தமாக இருக்கிறது. அதில் வரும் அம்பாவை 04:05–05:10இல் தூரத்துக் காட்சிகளுக்கு அடியில் போடலாம். 04:38, 04:52 கிட்டத்துக் காட்சிகளுக்குப் போட வேண்டாம், வாய் அசைவு ஒத்து வராது, கரையோரத்து ஆட்கள் பார்த்தவுடன் பிடிப்பார்கள். அந்த இரண்டையும் கமராச் சத்தத்தோடு, காற்றைக் கொஞ்சம் குறைத்து விட்டு விடுங்கள்.

எங்கே வெட்டுவது என்று சொல்கிறேன். ஒருவர் பாட்டை எடுக்கிறார், மற்றவர்கள் «ஏலேலோ» என்று வாங்குகிறார்கள், வாங்கும்போதுதான் எல்லா உடம்பும் ஒன்றாகப் பின்னால் சாய்கிறது. சாயத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள், சாய்ந்து முடிந்த இடத்தில் இல்லை. அப்போது அடுத்த காட்சியில் கயிறு ஏற்கெனவே இறுகியிருக்கும், பார்ப்பவனுக்கும் கையில் பாரம் தெரியும். 05:36இல் கடைசி ஆள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருப்பார், அவர் கால் பெருவிரல் மணலில் புதைவது தெரியும், அதை முழுதாக எட்டு விநாடி வையுங்கள். 06:20–06:44 அரைவாசி மங்கலாக இருக்கிறது, என் கண்ணாடியில் உப்பு படிந்திருந்தது, தேவையில்லை.

06:58இல் பின்னால் பக்கத்துப் பாடு இருக்கும் இடத்தில் உழவு இயந்திரம் நிற்கிறது. அதைக் காட்டினால் இயந்திரத்தால் இழுப்பதா கையால் இழுப்பதா என்று கருத்துச் சண்டை தொடங்கி விடும், இந்த வீடியோவில் அது விஷயம் இல்லை. படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டி விடுங்கள்.

07:50–09:10. மடி கரைக்கு வருகிறது. 07:52இல் திரையில் «மடி: வலையின் கடைசிப் பை» என்று ஒரு வரி, மடிக்குப் பக்கத்தில், வலது பக்கம், இரண்டரை விநாடி. யாழ்ப்பாணத்திலும் இந்தியாவிலும் பார்ப்பவர்களுக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். 02:31இல் «பாடு» என்ற சொல்லுக்கும் இப்படி ஒன்று போடலாம். மற்றதற்கு வேண்டாம், பாடப் புத்தகம் மாதிரி ஆகி விடும். மடியை அவிழ்க்கும்போது சூடை மணலில் படபடவென்று அடிக்கும் சத்தம் 08:24இல் இருக்கிறது. இசை எதுவும் கூடாது. காகம் கத்தினாலும் இருக்கட்டும். 1:05 வரை போகலாம்.

09:10–10:20. பங்கு பிரிப்பது, மீன் வாங்க வந்த அக்கா. அக்கா முகம் காட்டச் சம்மதித்தார். 09:33இல் பின்னால் நிற்கும் சின்னப் பிள்ளையின் தாய் வேண்டாம் என்று சொன்னார், வெட்டி விடுங்கள், மங்கலாக்கவும் வேண்டாம். 09:48இல் காசு எண்ணும் கை தெரிகிறது, அதுவும் வேண்டாம். 45 விநாடி.

10:20–11:38. வலையை உதறுவதோடு முடியுங்கள், 30 விநாடி. சூரியன், புறாத்தீவு, மேலே போகும் ட்ரோன் எதுவும் வேண்டாம். கறுப்புத் திரையில் நன்றி வரி, தோணியை இழுத்து ஏற்றும் சத்தத்தோடு.

இசையைப் பற்றி. மொத்த வீடியோவில் இரண்டு இடத்தில் மட்டும்: தோணி போகும் பகுதி, கடைசி 30 விநாடி. ஒரே சுருதியில் தாழ்ந்து நிற்கும் ஏதாவது, தம்புராவுக்குக் கிட்டவாக. புல்லாங்குழல் வேண்டாம், வயலின் வேண்டாம், ஊரைக் கண்டதும் எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள். அம்பாவுக்கு அடியில் தாளம் சேர்க்க வேண்டாம், அதற்குச் சொந்தத் தாளம் இருக்கிறது. காசு கட்டிய உரிமத்தோடு எடுங்கள், உரிமத்தின் படத்தை எனக்கு அனுப்புங்கள். சத்த அளவு மொத்தம் −14 LUFS, உச்சம் −1 dB.

நிறம்: கிழக்குக் கரை, சூரியன் கடல் பக்கம், அதனால் ஆட்கள் எல்லாரும் நிழலுருவாகத்தான் தெரிவார்கள். நிழலைத் தூக்கி முகத்தை வெளுக்க வைக்க வேண்டாம். தோல் நிறம் அப்படியே இருக்கட்டும்.

எழுத்துரு Noto Sans Tamil. பிரீமியரில் செய்கிறீர்கள் என்றால் எழுத்து அமைப்பில் South Asian and Middle Eastern என்பதைத் தெரிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள். போன தடவை வேறொருவர் செய்தபோது «கொ» எல்லாம் கொம்பு இடம் மாறிப் போய், நான் கவனிக்காமல் வெளியிட்டு, இரண்டு நாள் ஊரே சிரித்தது. ஏற்றுமதி செய்த பிறகும் ஒரு தடவை திரையில் பார்த்து வாசியுங்கள்.

போன் காட்சிகள் `PHONE` கோப்புறையில், ஃபிரேம் வேகம் நிலையாக இல்லை, முதலில் 25இற்கு மாற்றி விட்டு உள்ளே எடுங்கள், இல்லாவிட்டால் சத்தம் நழுவும்.

நிமிர்ந்த வீடியோ ஒன்றும் வேண்டும், 40 விநாடி, 1080x1920. முழுக்க அம்பா, 05:10இற்குப் பிறகு உள்ளது மட்டும், முதல் விநாடியிலேயே சத்தம். எழுத்து நடுவுக்குக் கொஞ்சம் மேலே. கீழேயும் வலது ஓரத்திலும் பட்டன்கள் மறைக்கும்.

முதல் கட் செவ்வாய் இரவு, இசை இல்லாமலே அனுப்புங்கள், இழுக்கிற பகுதி நின்று விட்டதா என்று அதில்தான் பார்ப்பேன். கடைசிக் கட் வெள்ளி மாலை. 40,000 ரூபாயில் பாதி இன்றைக்குப் போட்டு விட்டேன், மிச்சம் கடைசி ஃபைல் வந்த அன்றே. திருத்தம் இரண்டு தடவை அதற்குள், மூன்றாவது கேட்டால் காசு கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பகலில் கரையில் சிக்னல் இருக்காது, சந்தேகம் இருந்தால் குரல் பதிவு போட்டு விடுங்கள், மாலை ஆறு மணிக்குப் பிறகு கேட்டுப் பதில் சொல்கிறேன்.