ஊழியர் குடியிருப்புக்காக வீடுகளைக் குத்தகைக்குக் கேட்டுக் கடிதம்

ஒரகடம்
10.11.2025

அனுப்புநர்
மேலாளர், நிர்வாகப் பிரிவு,
சிப்காட் தொழிற்பூங்கா, ஒரகடம்.

பெறுநர்
வீட்டு உரிமையாளர் அவர்கள்,
படப்பை.

பொருள்: தங்கள் மாடிக் கட்டடத்தின் 6 வீடுகளையும் எங்கள் ஊழியர்கள் குடியிருக்கக் குத்தகைக்குக் கேட்பது; குடியிருப்போரை மாற்றும் உரிமை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 02.11.2025 ஞாயிறன்று கட்டடத்தைச் சுற்றிக் காட்டி, பொறுமையாகப் பேசியதற்கு நன்றி. வீடுகள் எங்களுக்குப் பிடித்திருக்கின்றன. இரவு ஷிப்ட் முடித்து வருபவர்கள் பகலில் தூங்க வேண்டும். தெரு உள்ளே தள்ளி இருப்பது அதற்கு வசதி. 6 வீடுகளையும் 01.01.2026 முதல் 3 ஆண்டுகளுக்கு நிறுவனத்தின் பெயரில் எடுத்துக்கொள்ள விரும்புகிறோம்.

லீஸ் என்றவுடன் ஒத்தி என்று வீட்டில் யாரும் நினைத்துவிட வேண்டாம். இது மாத வாடகைதான். வீட்டுக்கு ரூ.14,000 வீதம் மாதம் ரூ.84,000, முன்பணம் 3 மாத வாடகை, அதாவது ரூ.2,52,000. ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு. வாடகை ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதிக்குள் தங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். மாத வாடகை ரூ.50,000-ஐத் தாண்டுவதால் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து, ரூ.75,600 அனுப்புவோம். பிடித்த ரூ.8,400 தங்கள் பான் எண்ணில் வரவாகும், சான்றிதழும் தருவோம். எங்களுக்கு வீடு விடுவதால் வரும் ஜி.எஸ்.டி.யை நாங்களே நேரடியாகச் செலுத்த வேண்டும் என்பதுதான் விதி. வாடகையில் அதற்காக எதுவும் கழிக்க மாட்டோம்.

இனி, தாங்கள் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன். "இன்று ஒருத்தர், நாளை ஒருத்தர் என்றால் வீட்டில் இருப்பது யார் என்றே எனக்குத் தெரியாதே" என்றீர்கள். நியாயமான கவலை. ஆனால் எங்கள் வேலை அப்படி. பயிற்சி முடிந்தவர் புனே ஆலைக்குப் போவார், கல்யாணம் ஆனவர் தனி வீடு பார்த்துப் போவார். அந்த இடத்தில் அடுத்தவரை உட்கார்த்த ஒவ்வொரு முறையும் தங்கள் கையெழுத்துக்குக் காத்திருந்தால், வந்த பையன் லாட்ஜில்தான் தங்க வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் இந்தப் பிரிவு வேண்டும் எனக் கேட்கிறோம்:

"வாடகைதாரர் நிறுவனமே. தன் ஊழியர்களில் எவரையும் இவ்வீடுகளில் குடியமர்த்தவும், மாற்றவும், வெளியேற்றவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதற்கு உரிமையாளரின் தனிச் சம்மதம் தேவையில்லை. இவ்வாறு மாற்றுவது உள்வாடகையாகக் கருதப்படாது. குடியிருக்கும் ஊழியருக்கு வாடகைதாரர் என்ற உரிமை எதுவும் கிடையாது."

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. ஊழியர்களிடம் நாங்கள் வாடகை வாங்குவதில்லை; இருந்தாலும் பின்னால் பேச்சு வரக் கூடாது என்றுதான் இதை இவ்வளவு விளக்கமாக எழுதச் சொல்கிறோம்.

தங்கள் பக்கத்துக்கும் பிடிமானம் வேண்டும் அல்லவா? புதியவர் சாவி வாங்கும் முன்பே அவர் பெயர், படம், ஊழியர் எண், ஆதார் நகல் தங்களுக்கு வந்துவிடும். ஒரு வீட்டில் 4 பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள், வெளி நிறுவனத்து ஆட்கள் யாரையும் தங்க வைக்க மாட்டோம். ஒருவர் மீது தாங்கள் எழுத்தில் புகார் சொன்னால், விசாரித்து 7 நாளில் அவரை மாற்றிவிடுவோம். தரைத்தளத்து 2 வீடுகள் குடும்பத்தோடு வருபவர்களுக்கே. கட்டடத்தை அலுவலகமாகவோ, சாமான் போடும் கிடங்காகவோ பயன்படுத்த மாட்டோம். மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்திலேயே தொடரலாம்.

கரண்ட் பில், கோடையில் லாரித் தண்ணீர், செப்டிக் டேங்க் லாரி எல்லாம் எங்கள் செலவு. மோட்டார் காயில் போனால், சுவரில் ஓதம் இறங்கினால் அது தங்கள் பொறுப்பு. இரண்டாவது மாடிப் பின்பக்கக் குளியலறைச் சுவரில் இப்போதே ஓதம் தெரிகிறது. குடி வருவதற்குள் அதைப் பார்த்துவிட்டால் நல்லது. ஆள் மாறும்போதெல்லாம் பெயிண்ட் செலவு கேட்க வேண்டாம். குத்தகை முடியும்போது ஒரே முறை நாங்கள் அடித்துத் தருகிறோம்.

11 மாத ஒப்பந்தம் போதுமே என்றீர்கள். 3 ஆண்டு என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், tenancy.tn.gov.in தளத்திலும் பதிவு உண்டு. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எல்லாம் எங்களுடையவை. முதல் ஆண்டு இரு தரப்பும் விலக முடியாது. அப்புறம் யாராக இருந்தாலும் 3 மாத முன்னறிவிப்பு.

சம்மதம் என்றால் சொத்து வரி ரசீது, பத்திர நகல், 6 மீட்டர்களின் மின் இணைப்பு எண்கள் ஆகியவற்றை 20.11.2025-க்குள் அனுப்பிவையுங்கள். வரைவு ஒப்பந்தத்தைத் தமிழிலேயே கொண்டுவந்து தருகிறோம். தங்கள் வக்கீலிடம் காட்டிய பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
மேலாளர்,
நிர்வாகப் பிரிவு.

இணைப்பு: நிறுவனப் பதிவுச் சான்று நகல், பான் மற்றும் ஜி.எஸ்.டி. பதிவு நகல்கள், ஊழியர் உறுதிமொழிப் படிவத்தின் மாதிரி.