திருமங்கலம் வீட்டுக் கட்டுமானம்: ஒப்பந்தத்துக்கு மேல் செய்த வேலைக்கான தொகை கோருதல்

திருமங்கலம்
14.07.2025

மதிப்பிற்குரிய ஐயா,

10.03.2025 தேதியிட்ட நம் ஒப்பந்தத்தில் 9ஆம் பிரிவு, பிளானில் இல்லாத வேலையை அளந்து தனியாகக் கணக்கிட வேண்டும் என்கிறது. தாங்கள் சொல்லி நான் செய்த அப்படிப்பட்ட மூன்று வேலைகளுக்கு இதுவரை பில் தரவில்லை. மேல்தளக் கான்கிரீட்டுக்கு முன் இதை முடித்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

முதலாவது, அஸ்திவாரம். ஒப்பந்த ஆழம் 5 அடி. ஏப்ரல் 3 அன்று அந்த ஆழத்திலும் கரிசல்தான் இருந்தது. மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் அந்த மண்ணில் புட்டிங் வைத்தால் சுவர் வெடிக்கும். 7 அடியில் கெட்டித்தரை வந்தது. தாங்களே டேப் பிடித்துப் பார்த்து, "இறக்கிடுங்க" என்றீர்கள். அளவு நோட்டில் தங்கள் கையெழுத்து உள்ளது. 12 குழி, 5க்கு 5, கூடுதல் 2 அடி: 600 கன அடி தோண்டியதற்கு ரூ.12 வீதம் 7,200. தூண் நீண்டதில் கான்கிரீட் 18 கன அடி, சென்ட்ரிங் உட்பட ரூ.330 வீதம் 5,940. கம்பி 56 கிலோ, கட்டுக்கூலியுடன் ரூ.78 வீதம் 4,368. தோண்டிய கரிசலையே திரும்பக் கொட்டாமல் கிராவல் நிரப்பினோம். இடித்து இறுக்கும்போது அமுங்குவதால் 7 யூனிட் பிடித்தது, ரூ.3,000 வீதம் 21,000. ஆக ரூ.38,508.

இரண்டாவது, சம்ப். 6,000 லிட்டரை 10,000 ஆக்கச் சொல்லித் தாங்கள் மே 16 அன்று வாட்ஸ்அப்பில் அனுப்பியது இருக்கிறது. உள்ளளவு 10க்கு 7½, தண்ணீர் நிற்கும் உயரம் 4¾ அடி. கொள்ளளவு 10,000க்குச் சற்று அதிகமே; ஆனாலும் 4,000 லிட்டருக்கு மட்டும், ஒப்பந்த விலையான ரூ.16 வீதம் ரூ.64,000.

மூன்றாவது, சமையலறை வாசல். சுவர் எழும்பி லிண்டலும் போட்ட பிறகு, ஜூலை 2 அன்று அதைத் தள்ளி வைக்கச் சொன்னீர்கள். இதற்கு எழுத்து இல்லை. இடிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை இணைத்துள்ளேன். கொத்தனார் 3 ஆள் 3,600, சித்தாள் 5 ஆள் 4,500. இடித்ததில் முழுசாகத் தேறிய 90 செங்கல் போக, புதுக்கல் 130க்கு 1,430. சிமென்ட், எம்சாண்ட், புது லிண்டல் கம்பி 2,900. ஆக ரூ.12,430.

மொத்தம் ரூ.1,14,938. ஸ்டோர் ரூமில் தாங்கள் வேண்டாமென்ற கடப்பா அலமாரிக்கு ரூ.6,500 கழித்தேன். வரவேண்டியது ரூ.1,08,438.

20ஆம் தேதி ஞாயிறு காலை சைட்டுக்கு வாருங்கள். சம்பையும் வாசலையும் சேர்ந்தே அளந்துவிடலாம். சம்ப் மூடி போட்டுவிட்டால் உள்ளே இறங்கி அளப்பது சிரமம் என்பதால் அதுவரை மூடவில்லை. ஒரே தவணையில் முடியாவிட்டால், அஸ்திவாரம், சம்ப் தொகையில் கழிவு போக ரூ.96,008ஐ 25ஆம் தேதிக்குள் தாருங்கள். வாசல் தொகையைப் பூச்சு வேலைத் தவணையோடு தரலாம். கம்பிக் கடையில் பாக்கி நிற்கிறது. அதைக் கட்டினால்தான் 30ஆம் தேதி மேல்தளத்துக்குக் கம்பி இறங்கும்.

இனி எந்த மாற்றமானாலும் வேலை தொடங்கும் முன் அளவு நோட்டில் விலையோடு எழுதி, இருவரும் கையெழுத்திடுவோம்.

இணைப்பு: அளவு நோட்டு நகல், வாட்ஸ்அப் பதிவு, படங்கள், கம்பி மற்றும் கிராவல் பில்கள்.

இப்படிக்கு,
தங்கள் கட்டட ஒப்பந்ததாரர்